"எல்லா மிக்ஸிக்கும் செட் ஆகும்" என்று தரும் கப்ளர்: வாங்கும்முன் படியுங்கள்

கம்பெனி விற்பதை நிறுத்திவிட்ட பழைய மிக்ஸிக்கு ஸ்பேர் கேட்டால், மோட்டார் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் பல்வைத்த கப்ளர் ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிவிடும் கடைகள் இருக்கின்றன. எங்கள் பகுதியில் ஒரு வீட்டுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம்.

மோட்டார் மேலிருக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான் கோளாறு. கடையில் போட்ட புதுக் கப்ளருக்குப் பல் எண்ணிக்கை சரி, உயரம் குறைவு. அதனால் ஜாரின் அடியிலுள்ள கப்ளரை நுனிப்பல்லால் மட்டுமே கவ்வியது. சட்னிக்கு ஓடியது. ஊறவைத்த அரிசி போட்டதும் பல் வழுக்கி, கறுப்புத்தூள் கொட்டி, ரப்பர் கருகும் வாடை வந்தது. திரும்பக் கொண்டுபோனால் முதலில் "ஜார் போச்சு", பிறகு "மோட்டாரே போச்சு, புதுசு வாங்கிடுங்க". அளவு பார்க்கப் பழைய கப்ளரைக் கேட்டால் அதையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அநியாயம் என்றால் இதுதான், மாதிரிக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

மோட்டார் போகவே இல்லை. பளு தாங்காமல் அடியிலுள்ள சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருந்தது. யாராவது மோட்டார் போச்சு என்றால், சற்று ஆறவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தி, ஜார் இல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள். சீராகச் சுற்றினால் கோளாறு பெரும்பாலும் கப்ளரிலோ ஜாரிலோதான்.

கடைக்குப் போகும்போது பழைய கப்ளரோடு ஜாரையும் எடுத்துப் போங்கள். பல் எண்ணிக்கை, உயரம், உள்மரை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மரை சேராததை முறுக்கி ஏற்ற விடாதீர்கள். மோட்டார் தண்டின் மரை அழிந்தால், பிறகு சரியான கப்ளர் கிடைத்தாலும் நிற்காது. அதே பல் கிடைக்காவிட்டால், வேறு பிராண்டின் மோட்டார் கப்ளரையும் ஜார் கப்ளரையும் ஜோடியாக மாற்றலாம், இரண்டு பக்கமும் மரை சேர்ந்தால் மட்டும்.

வேறு பிராண்டு ஜாரே வாங்குவதாக இருந்தால் பலர் கவனிக்காத ஒன்று, சுற்றும் திசை. ஜார் கப்ளர் ஓட ஓட இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் அது ஓட்டத்திலேயே கழன்றுவிடும், பிளேடின் கூர்ப்பக்கமும் திரும்பிப்போகும். கப்ளரைக் கழற்றவும் இதே கணக்குதான்: தண்டைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் கப்ளரை மிக்ஸி ஓடும் திசையிலேயே திருப்பினால் கழலும், ஜார் கப்ளரை அதற்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும்.

காசு கொடுக்கும்முன் கடையிலேயே பிளக்கை எடுத்துவிட்டு ஜாரை உட்கார வையுங்கள். ஆடினால், அல்லது பூட்டு முழுதாக விழாவிட்டால், கப்ளர் உயரம் அதிகம். அப்படியே ஓட்டினால் ஜாரில் பிளேடு தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து அடியில் ஒழுகும். ஜார் சரியாக உட்கார்ந்தபின் அரிசியோ உளுந்தோ போட்டு அரைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெறும் ஜாரில் எந்தக் கப்ளரும் ஓடும்.