தகரக் கூரைக்கு அடியில் ஜிப்சம் சீலிங்: கேத்தியில் பல குளிர்காலங்களுக்குப் பிறகு

ஜிப்சம் சீலிங் மலைக்கு ஒத்துவராது என்று குன்னூரிலும் ஊட்டியிலும் பலர் அடித்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் 2018 கோடையில் போட்டது. ஹாலில் இன்றைக்கும் ஒரு விரிசல் இல்லை. அதே வீட்டில் பின்பக்கப் படுக்கையறையில் இரண்டாவது குளிர்காலமே கறை விழுந்தது. போர்டு ஒன்று, கூரை ஒன்று, வேலை செய்ததும் அதே ஆட்கள். வித்தியாசம் சீலிங்குக்கு மேலே இருக்கிற இடைவெளியில் இருந்தது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

எங்களுடையது பழைய வீடு. கல் சுவர், மரக் கைமரங்கள், மேலே தகர ஷீட். ராத்திரியில் குளிர் அப்படியே தலையில் இறங்கும் என்பதால்தான் சீலிங் யோசனையே வந்தது. ஹால் 16 அடிக்கு 12 அடி. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஆட்கள், போர்டைப் பிடிக்கும் உலோகச் செக்ஷன்களை இரண்டடிக்கு ஒன்றாகப் போட அளவு குறித்தார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று வேண்டும் என்றேன். “கீழ எல்லா வீட்டுலயும் ரெண்டடிதானுங்க போடுறோம், சார்” என்றார் தலைமை ஆள். கீழே சரி. இங்கே மாதக்கணக்கில் ஈரக்காற்று. ஜிப்சம் போர்டு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டால் விறைப்பு குறையும். தன் எடைக்கே இரண்டு செக்ஷனுக்கு நடுவில் மெல்லத் தொய்யும். அப்படித் தொய்ந்தது வெயில் வந்து காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

கணக்குப் போட்டால் செலவு ஒன்றும் பெரிதில்லை. 12 அடி நீளச் செக்ஷன்கள் அறையின் அகலவாக்கில் ஓடுகின்றன. இரண்டடி இடைவெளி என்றால் 7, ஒன்றரை அடி என்றால் 10. கூடுதலாக மூன்றே மூன்று துண்டு. 6 அடி போர்டின் முனையும் சரியாக ஒரு செக்ஷன் மேல் வந்து உட்காரும், ஏனென்றால் 6 அடியில் நான்கு ஒன்றரை. செக்ஷன்களைத் தாங்கும் இன்டர்மீடியட் சேனல் 4 அடிக்கு ஒன்று. அதைத் தொங்கவிடும் ஆங்கிளைக் கைமரத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூ அடித்துப் பிடிக்க வேண்டும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரில் பிடிக்கக் கூடாது. தகரம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது ரீப்பரையும் சேர்த்து அசைக்கும். அந்த அசைவு கீழே இணைப்புகளில் மயிரிழை விரிசலாகத் தெரியும். ஸ்க்ரூ வாங்கும்போது கறுப்பு நிறத்தில் வரும் சாதாரண ரகத்தை விட்டுவிட்டுத் துத்தநாகப் பூச்சு உள்ளதைக் கேளுங்கள். கறுப்பு ஸ்க்ரூ இங்கே துருப்பிடித்து, பெயின்ட்டுக்கு மேல் வரிசையாகப் பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.

இனி அந்தப் படுக்கையறை.

டிசம்பர் கடைசியில் குளியலறையை ஒட்டிய மூலையில் பழுப்பு வளையங்கள் தெரிந்தன. கூரை ஒழுகுகிறது என்றே எல்லோரும் நினைத்தோம். கூரை வேலைக்காரர் ஏறி, ஷீட்டின் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் பசை வைத்துவிட்டு இறங்கினார். கறை நிற்கவில்லை. உற்றுப் பார்த்தபோது ஒரு விஷயம் இடித்தது. நவம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழை கொட்டியபோது ஒரு சொட்டு இறங்கவில்லை. மழை நின்று, வானம் தெளிந்து, வெளியே புல்லில் உறைபனி படிகிற இரவுகளில்தான் கறை பெருத்தது. மழையில் விழாமல் பனியில் விழுகிற தண்ணீர் கூரை வழியாக வருவதில்லை, வீட்டுக்குள்ளிருந்து போவது.

விடிகாலையில் டார்ச்சோடு சீலிங்குக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்தது போல ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். குளியலறைப் பக்கம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. துளிகள் சரிவில் வழிந்து ரீப்பரில் முட்டி, அங்கிருந்து போர்டின் முதுகில் சொட்டியிருக்கின்றன. அதனால்தான் கறைகள் ரீப்பருக்கு நேர் கீழே வரிசையாக இருந்தன. மதியம் போய்ப் பார்த்தால் மேலே எல்லாம் காய்ந்திருக்கும். ஆகவே பகலில் ஏறிப் பார்க்கிற ஆளுக்கு இது அகப்படவே அகப்படாது.

காரணம் எளிது. அறைக்குள் 18 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று சுமார் 12 டிகிரி உள்ள எதைத் தொட்டாலும் அதன் மேல் தண்ணீராகப் படியும். தெளிந்த இரவில் தகரம் வானத்தை நோக்கிச் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால் வெளிக்காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். சீலிங் போடுவதற்கு முன்பும் இந்தத் தண்ணீர் படிந்துகொண்டுதான் இருந்தது. ஷீட் இடுக்குகள் வழியாக வந்த காற்று அதை உலர்த்திவிட்டது. சீலிங் வந்ததும் அறைச் சூடு மேலே போகாததால் தகரம் இன்னும் குளிர்ந்தது. ஆனால் ஆவி மட்டும் விளக்குத் துளைகள் வழியாக ஏறியது.

எங்கள் விஷயத்தில் அதற்கும் மேலே ஒன்று. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டியவர்கள் அதன் வாயைச் சீலிங்குக்கு மேலேயே திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். தினமும் காலையில் கீசர் தண்ணீரில் நால்வர் குளிக்கிற ஆவி மொத்தமும் அந்த மூடிய இடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

சரிசெய்தது இப்படி. ஃபேனிலிருந்து 4 அங்குல பிவிசி குழாயை முக்கோணச் சுவர் வழியாக வெளியே எடுத்தோம். குழாய் வெளிப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள்ளேயே ஆவி படிந்து ஃபேன் மேல் திரும்பி வரும். இறவாணத்தில் சிமென்ட் வைத்து அடைத்திருந்த இடைவெளிகளைத் திறந்து கம்பி வலை அடித்தோம். முக்கோணச் சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத் துளை. கீழே நுழைந்து மேலே வெளியேற வழி இருந்தால்தான் காற்று நகரும். வலை கெட்டியான ரகமாக இருக்கட்டும், எலி மட்டுமல்ல, குரங்கும் இங்கே வாடிக்கையாளர்தான். கடைசியாக விளக்குத் துளைகளின் ஓரங்களை அடைத்தோம். பெட்டி மூடிய எல்இடி விளக்கு என்பதால் அது முடிந்தது. சூடாகும் பழைய ரக விளக்கு என்றால் அப்படி இறுக்கி அடைக்கக் கூடாது. அடுத்த குளிர்காலத்தில் ஏறிப் பார்த்தபோது ஷீட்டில் லேசான ஈரப்பூச்சு இருந்தது, சொட்டு இல்லை. ஷீட்டுக்கு அடியில் வெப்பத்தடைப் போர்வை ஒட்டினால் அதுவும் இருக்காது. செலவு பார்த்து விட்டுவிட்டேன்.

கறை விழுந்த போர்டை எல்லாம் மாற்ற வேண்டியதில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, தட்டினால் டக்கென்று சத்தம் வந்தால் நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ப்ரைமர் ஒரு கோட் அடித்து மேலே பெயின்ட் அடிக்கலாம். தண்ணீரில் கலக்கும் ப்ரைமர் அடித்தால் கறை அதையும் ஊறித் தாண்டி வந்துவிடும். அமுங்கினாலோ, காகிதம் உப்பியிருந்தாலோ, முதுகில் கறுப்புப் பூசணம் பிடித்திருந்தாலோ வெட்டி எடுப்பதுதான் வழி. செக்ஷனின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த செக்ஷனின் நடுக்கோடு வரை வெட்டினால் புதுத் துண்டுக்கு இரண்டு பக்கமும் பிடிப்பு கிடைக்கும்.

பச்சை போர்டு போட்டிருந்தால் இது வந்திருக்காதே என்று கேட்பார்கள். பச்சை போர்டு ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 2095 தரப்படி அதை இரண்டு மணி நேரம் தண்ணீரில் முக்கி வைத்தால் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. அவ்வளவுதான் அதன் வாக்குறுதி. ராத்திரி முழுக்க முதுகில் சொட்டினால் அதுவும் போகும். குளியலறைக்குள் நான் ஜிப்சமே போடவில்லை. இரண்டடிச் சட்டத்தில் கழற்றி மாட்டும் கால்சியம் சிலிகேட் டைல். ஒரு டைலைத் தூக்கினால் எக்ஸாஸ்ட் குழாய் கைக்கு எட்டும்.

மேலே போய்ப் பார்க்கிற வழி பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். படுக்கையறையில் ட்ராப் டோர் இருந்ததால்தான் விடிகாலையில் பார்க்க முடிந்தது. அது எங்கே வர வேண்டும் என்பதை எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் சொல்ல வேண்டும், சீலிங் ஆள் அல்ல. ஒயர் இணைப்புப் பெட்டி, டேங்க் குழாயின் வால்வு, எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி திறப்பு இருந்தால் தோள் நுழையும். ஒன்றரை அடி என்றால் கையும் டார்ச்சும்தான். எங்கள் செக்ஷன் இடைவெளி ஒன்றரை அடியானதால் இரண்டடித் திறப்புக்கு ஒரு செக்ஷனை வெட்ட வேண்டி வந்தது. வெட்டின முனைகளைக் குறுக்குத் துண்டு போட்டுப் பக்கத்துச் செக்ஷன்களோடு கட்டினார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். கட்டாமல் விட்ட திறப்பின் மூலைகளிலிருந்துதான் விரிசல் கிளம்பும். போர்டு அடிப்பதற்கு முன் அளவு டேப்பை விரித்து வைத்து ஃப்ரேமை அறை அறையாக போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம் எதை மாட்டுவதற்கும் அந்தப் படங்கள்தான் கைகொடுக்கின்றன. சீலிங் ஃபேன் தேவைப்பட்டால் அதன் கொக்கி நேராகக் கைமரத்திலிருந்து இறங்க வேண்டும், போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது.

பார்ட்டிஷன் பற்றிச் சுருக்கமாக. ஹாலில் ஒரு பகுதியைப் பிள்ளையின் படிப்பறையாகத் தடுத்தோம். நிமிர்ந்து நிற்கும் உலோகச் சட்டமான 2 அங்குல ஸ்டட் இரண்டடிக்கு ஒன்று, நடுவில் கண்ணாடிக் கம்பளி, இருபக்கமும் போர்டு. மொத்தம் 3 அங்குலம். அதைச் சீலிங்கோடு நிறுத்தாமல் கைமரம் வரை ஏற்றச் சொன்னேன், சீலிங்குக்கு மேலே சத்தம் தாராளமாகத் தாண்டும் என்பதால். இப்போது பக்கத்தில் டிவி ஓடினால் முணுமுணுப்பாகக் கேட்கிறது, வசனம் புரியாது. போர்டு தரையைத் தொடாமல் 10 மில்லிமீட்டர் தூக்கி, இடைவெளியை ஸ்கர்ட்டிங்கால் மறைத்தோம். துடைக்கிற தண்ணீர் அடிவழியாக ஏறாததால் கீழ்விளிம்பு இன்றும் கெட்டி. பழைய கல் சுவரைத் தொடுகிற ஸ்டட்டுக்குப் பின்னால் தார்ப்பட்டை வைத்தார்கள். ஜூலையில் அந்தச் சுவர் வேர்க்கும்போதும் பார்ட்டிஷன் முனை உலர்ந்தே இருக்கிறது. புத்தக அலமாரி வருகிற இடத்தில் முன்கூட்டியே ஸ்டட்டுகளுக்கு நடுவே பிளைவுட் வைத்துவிட்டோம். வெறும் போர்டில் போட்டோ ஃப்ரேம் நிற்கும், அலமாரி நிற்காது. ஒயர் எல்லாம் குழாய்க்குள் போகிறது, உள்ளே எங்கேயும் இணைப்பு இல்லை. தண்ணீர்க் குழாயை அதற்குள் விடவே இல்லை.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்று கேட்டால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள். இணைப்பில் பூசும் கலவை அப்போது ஓர் இரவில் காய்கிறது. மேகம் இறங்கிய நாளில் அடுத்த நாளும் விரலில் ஒட்டும், அதன் மேல் ஆள் அடுத்த கோட் இழுத்துவிட்டால் இணைப்பில் ஒட்டிய டேப் எழும்பிவிடும். போர்டு லாரியில் ஏறும்போதே தார்ப்பாய் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்க்காமல் கட்டைகள் மேல் படுக்கையாக அடுக்குங்கள். கூடவே அதே லாட்டில் இரண்டு போர்டு அதிகமாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். ஒரு துண்டு மாற்ற வேண்டி வந்தால் அதற்காக மலைக்கு ஒரு வண்டி ஏறி வராது.