"மாசம் நாலு கல்யாணம் உங்களுக்குத்தான்": மண்டபத்தோடு பக்கேஜ் பேசும் பார்லர்களுக்கு

திருகோணமலையில் ஒரு பார்லருக்கு நடந்தது இது. மண்டபத்தின் பெயர் வேண்டாம், முறையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பொம்பிளையோடு வரும் ஏழு பேருக்குச் சேலை, கொண்டை, மேக்கப் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 3,500 ரூபாய் என்று பார்லர் பக்கேஜ் கொடுத்தது. "மாசம் நாலு கல்யாணம் உங்களுக்குத்தான், விலையைக் கொஞ்சம் பாருங்கோ" என்றார் மண்டப முகாமையாளர். 2,400க்கு இறங்கினார்கள். அதற்கு மேல், மண்டபத்தின் பட்டியலில் பார்லரின் பெயர் போட 25,000 வைப்புக் காசு. மூன்று மாதத்தில் திருப்பித் தருவதாகப் பேச்சு. எழுத்தில் ஒன்றுமில்லை, வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு மட்டும்.

அந்த மூன்று மாதமும் ஆடியில் தொடங்கியது. ஆடியில் எங்கள் சனம் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாதியிலும் குறைவு. ஆவணியில் வந்த இரண்டோடு சரி. வீட்டுக்காரரிடம் மண்டபம் வாங்கியது அதே 3,500. வைப்புக் காசு இன்னும் வரவில்லை. வேறு இரண்டு பார்லர்களிடமும் அப்படியே வாங்கியிருப்பது பிறகுதான் வெளியில் வந்தது.

பெரிய அடி தலைக்கணக்கில். ஒருவருக்கு 40 நிமிடம். பொம்பிளையை உரிமையாளர் பார்க்க, மற்ற ஏழு பேரை இரண்டு பிள்ளைகள் 2 மணி 40 நிமிடத்தில் முடிக்கலாம். விடிய 3.30க்குத் தொடங்கினால் 6.10க்கு முடிந்து, 6.30 முகூர்த்தத்துக்குப் போதும். ஒரு கல்யாணத்தன்று வந்து நின்றது பன்னிரண்டு பேர். அதற்கு நாலு மணித்தியாலம் வேண்டும். கடைசி ஆள் எழும்ப 7.30. மண்டபம் ஏழு பேருக்குத்தான் காசு கொடுத்தது, பிந்தியது என்று அதிலும் வெட்டியது.

மண்டபத்தின் பதிவுக் கொப்பியை நேரில் பார்க்கக் கேளுங்கள். வரும் ஆறு மாதத்தில் எத்தனை திகதி நிரம்பியிருக்கிறது, அதில் எத்தனை வீட்டார் தங்கள் ஆளையே கூட்டி வருகிறார்கள் என்று எண்ணுங்கள். காட்ட மறுத்தால் நாலு கல்யாணம் என்பது வாய்ப்பேச்சு.

கழிவை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முதல் மூன்று கல்யாணத்துக்கு முழு விலை. அதே மாதம் நாலாவது வந்தால், நாலுக்குமான கழிவை அந்த பில்லில் கழியுங்கள். உண்மையாகவே ஆட்களை அனுப்புகிறவருக்கு இதில் நட்டமில்லை. வைப்பு நீங்கள் கட்டுவதல்ல. வீட்டார் பாதிக் காசை நேரே உங்களுக்கு முற்பணமாகத் தரவேண்டும். தலைக்கணக்கு மூன்று நாளைக்கு முன் முடிவு. அதற்கு மேல் வருகிறவருக்கு முழு விலை, முடியும் நேரத்துக்கு உத்தரவாதமில்லை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி முகாமையாளரின் கையெழுத்தை வாங்குங்கள்.

கல்லூரிகளோடு பக்கேஜ் பேசினால் சிக்கல் வேறு: மாணவர் குழு வருடாவருடம் மாறும், போன குழுவின் வாக்கு இந்தக் குழுவைக் கட்டாது. அலுவலகங்களில் சம்பளம் விழும் கிழமையைத் தவிர ஆள் வராது, அந்தக் கிழமைக்கு மட்டும் பக்கேஜ் பேசுங்கள்.