கோடு ஏறவில்லை, படம்தான் ஒடுங்கியது: ஆறு வருட சார்ட் அனுபவம்

மாதாந்தர அறிக்கைக்கு சார்ட் போட்டுக் கொடுப்பது என் வேலையில் பாதி. ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், நான் அனுப்பிய அதே கோட்டைத் தன் ஸ்லைடில் ஒட்டிவிட்டு மேலாளர் கூப்பிட்டார். "போன மாசம் வரைக்கும் சும்மாதானே இருந்துச்சு, இப்ப ஏன் இப்படி ஏறுது?" என்றார். எண்ணில் ஒன்றும் மாறவில்லை. வருடத் தொடக்கத்தில் 40, முடிவில் 52. செங்குத்து அச்சு 30-இலிருந்து 60 வரை. என் படத்தில் அச்சுகளுக்கு நடுவிலான இடம் 24 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம். அவர் அதைப் பாதி ஸ்லைடுக்குள் அடக்க பக்கவாட்டுப் பிடியை இழுத்து 11 செ.மீ. அகலமாக்கி, கீழே காலியாக இருக்கிறதே என்று உயரத்தை 13 செ.மீ.க்கு நீட்டியிருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 புள்ளி ஏற்றம் என்பது 30 புள்ளி அச்சில் 0.4 பங்கு. என் படத்தில் கோடு 24 செ.மீ. தூரம் போய் 3.2 செ.மீ. ஏறியது; கோணம் சுமார் 8 பாகை. அவர் படத்தில் 11 செ.மீ.க்குள் 5.2 செ.மீ. ஏறியது, 25 பாகை. அச்சில் உள்ள எண்களை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஆனாலும் மனசில் பதிந்தது கோணம்தான்.

அதற்குப் பிறகுதான் R என்ற புள்ளியியல் மொழியில், படம் வரையும் lattice தொகுப்பின் `aspect = "xy"` என்ற அமைப்பைத் தேடிப் பிடித்தேன். இன்றுவரை விடவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதையும் விட்டு ரொம்ப நாளாகிறது.

இதன் பின்னால் இருப்பது 1988-இல் வில்லியம் கிளீவ்லாந்தும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை. இரண்டு சாய்வுகளில் எது செங்குத்து, எவ்வளவு செங்குத்து என்று கண் ஒப்பிட வேண்டுமானால், அவை 45 பாகையைச் சுற்றி இருக்கும்போதுதான் கோண வித்தியாசம் பெரிதாகத் தெரியும். இரண்டுமே படுத்துக் கிடந்தாலும், இரண்டுமே நிமிர்ந்து நின்றாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். `"xy"` என்று கொடுத்தால் lattice அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் துண்டுகளின் சாய்வை எடுத்து, அவற்றின் நடு மதிப்பு 45 பாகைக்கு வரும்படி படத்தின் உயர அகல விகிதத்தை வைக்கிறது. அவ்வளவுதான் வித்தை.

சூரியப் புள்ளிகளின் ஆண்டுத் தரவில் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு இது உறைத்தது. R-உடனேயே `sunspot.year` என்ற பெயரில் 1700 முதல் 1988 வரை வருகிறது. 2015-இல் திருத்தப்பட்ட வரிசையில் எண்கள் வேறு. இங்கே நான் சொல்வதெல்லாம் பழைய வரிசை. முதலில் வழக்கம்போல 15 செ.மீ. அகலம், 11 செ.மீ. உயரத்தில் போட்டேன். சீப்புப் பல் மாதிரி ஒரு படம் வந்தது. பதினோரு வருடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது, இறங்குகிறது, சில பல் உயரம், சில பல் குட்டை. அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை.

ஒரே ஒரு பல்லை எடுத்துக்கொள்வோம். 1954-இல் 4.4, 1957-இல் 190.2, திரும்ப 1964-இல் 10.2. ஏற மூன்று வருடம், இறங்க ஏழு வருடம். ஆண்டுக்கு 62 வீதம் ஏறி, 26 வீதம் இறங்கியிருக்கிறது. இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசம்! ஆனால் 0 முதல் 200 வரையிலான அச்சு வைத்த என் முதல் படத்தில், ஏறும் கோடு 1.6 மி.மீ. அகலத்தில் 10 செ.மீ. நிமிர்ந்து நின்றது, இறங்கும் கோடு 3.6 மி.மீ. அகலத்தில் ஏறக்குறைய அதே உயரம். ஒன்று 89 பாகை, மற்றது 88. எந்தக் கண்ணுக்கு இது பிடிபடும்?

இதே தரவைத் தட்டையாக்கினால் கதை மாறுகிறது. ஆனால் 288 வருடத்தையும் ஒரே பட்டையில் 25 செ.மீ. தாளில் போட்டால் உயரம் ஒன்றரை செ.மீ. கூட மிஞ்சாது, நூல்தான் மிஞ்சும். அதனால் நான்காக வெட்டி அடுக்க வேண்டும்:

```r
library(lattice)
xyplot(sunspot.year, aspect = "xy",
       strip = FALSE, strip.left = TRUE,
       cut = list(number = 4, overlap = 0.05))
```

`"xy"` தருவதைவிட இன்னும் கொஞ்சம் தட்டையாக, பட்டை ஒன்றுக்கு சுமார் 72 வருடம், 25 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரம் என்று வைத்துப் பாருங்கள். அந்த 1954 ஏற்றம் 66 பாகை, இறக்கம் 43 பாகை. 1 பாகை இடைவெளி 23 பாகையாக விரிந்துவிட்டது. உயர்ந்த பற்கள் எல்லாம் சடாரென்று ஏறி நிதானமாகச் சரிவதும், குட்டைப் பற்களில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக இருப்பதும் பார்த்தவுடனே தெரிகிறது. பெரிய சுழற்சி வேகமாக ஏறும் என்பதை வானியலாளர் வால்ட்மையர் 1935-இலேயே சொல்லிவிட்டார். தரவு என்னிடமும் இருந்தது, முதல் படத்தில் அது தெரியவில்லை, அவ்வளவே.

இனி குறைகள். முதல் குறை, இரைச்சல். தினசரித் தரவில் `"xy"` போட்டால் அது ஒவ்வொரு நாளின் நடுக்கத்தையும் துண்டாக எண்ணி அதை 45-க்குக் கொண்டுவரும். மூன்று வருடப் போக்கு தரையோடு தரையாகப் படுத்துவிடும். நான் முதலில் இதைத்தான் அறிக்கையில் வைத்து, வளர்ச்சியே இல்லையா என்று கேள்வி வாங்கினேன். இப்போது `prepanel.loess` கொடுத்து, மென்மையாக்கிய வளைவை வைத்து விகிதத்தைக் கணக்கிடச் சொல்கிறேன். நடுக்கமும் முக்கியம், போக்கும் முக்கியம் என்றால் இரண்டு படம்தான் வழி. ஒரே படத்தில் இரண்டையும் காட்டப் பார்த்து நான் ஜெயித்ததில்லை.

இரண்டாவது, 45 என்பது வேதவாக்கு இல்லை. 2012-இல் டால்பட், கெர்த், ஹன்ராஹன் மூவரும் இன்னும் பரந்த கோணங்களில் ஆட்களை வைத்துச் சோதித்தபோது, பிழை மிகக் குறைவான இடம் 45-ஆக வரவில்லை. நானும் `"xy"` தரும் விகிதத்தைத் தொடக்கமாக எடுத்து, பிறகு கையால் கொஞ்சம் தட்டையாக்குகிறேன்.

பைத்தானுக்கு மாறியபோது வேறொரு சிக்கலில் மாட்டினேன். அதில் படம் வரையும் matplotlib தொகுப்பில் `set_aspect` தரவு அலகுகளின் விகிதத்தைப் பூட்டும். `set_box_aspect` பெட்டியின் உயர அகல விகிதத்தைப் பூட்டும். 36 மாதத் தரவு, அச்சு 50,000 வரை. அதில் `ax.set_aspect(1)` போட்டேன். பெட்டி மயிரிழை அளவுக்கு ஒடுங்கிக் காணாமலே போனது. அரை மணி நேரம் தரவில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டது `ax.set_box_aspect(0.3)`.

இப்போது என் படங்கள் எல்லாம் விகிதம் பூட்டியே போகின்றன, முன் மாதத்தோடு ஒப்பிட வேண்டியவற்றில் அச்சு எல்லையும் சேர்த்து. அச்சு எல்லையை மாற்றினாலும் கோணம் மாறும் என்பதால் ஒன்றைப் பூட்டி மற்றதை விட்டால் பயனில்லை. தீராத தொல்லை டாஷ்போர்டுதான். அது திரைக்கு ஏற்ப அகலத்தை மாற்றிக்கொள்கிறது, உயரத்தை மாற்றுவதில்லை. மேலாளர் போனை நிமிர்த்திப் பிடித்தால் விற்பனை பறக்கிறது, படுக்கப் போட்டால் தவழ்கிறது. போன வாரமும் அழைப்பு வந்தது. "சார், போனைத் திருப்பிப் பாருங்க" என்றேன்.