கடவுச்சொல்லை நகலெடுக்கும்போது: நொடிக்கணக்கா, மறைப்புக் குறியா, தானியங்கி நிரப்பலா?

கடவுச்சொல் மேலாளர்களை ஒப்பிடும்போது, நகலெடுத்த கடவுச்சொல்லை எத்தனை நொடியில் கிளிப்போர்டிலிருந்து அழிக்கிறது என்பதையே பலரும் முதலில் பார்க்கிறார்கள். இயல்பு அமைப்பில் கீபாஸ்எக்ஸ்சி 10 நொடியிலும், கீபாஸ் 12 நொடியிலும், லினக்ஸ் முனையத்தில் இயங்கும் `pass` 45 நொடியிலும், 1பாஸ்வேர்டு 90 நொடியிலும் அழிக்கின்றன. இந்த எண்களை வைத்து மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

விண்டோஸில் இயங்கும் எந்தச் சாதாரண நிரலும் அனுமதி எதுவும் கேட்காமல் கிளிப்போர்டைப் படிக்கலாம். அதில் புதிதாக ஒன்று சேர்ந்தவுடன் தனக்குத் தெரிவிக்கும்படி இயங்குதளத்திடம் பதிவு செய்துகொள்ளவும் முடியும். அப்படிக் காத்திருக்கும் தீநிரலுக்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை என்பதால், அதன் முன் 10 நொடியும் 90 நொடியும் ஒன்றுதான். நேரக்கெடு உண்மையில் காப்பது வேறு வகைத் தவறுகளிலிருந்து: அரை மணி நேரம் கழித்து வேறெதையோ ஒட்ட நினைத்து உரையாடல் பெட்டியில் கடவுச்சொல்லை ஒட்டிவிடுவதிலிருந்தும், பிறகு திறக்கப்படும் ஒரு செயலி அதைப் படித்துவிடுவதிலிருந்தும். இந்தப் பயன் சிறியதல்ல. ஆனால் அதற்கு 10 நொடியைவிட 30 நொடி எவ்வகையிலும் குறைந்ததல்ல. மிகக் குறுகிய கெடுவோ, பக்கம் மெதுவாகத் திறக்கும்போது கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் நகலெடுக்க வைக்கிறது. `pass` பயன்படுத்துவோர் கெடுவைத் தாங்களே இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

```
PASSWORD_STORE_CLIP_TIME=20 pass -c mail
```

நேரக்கெடு அறவே கைவிடும் இடம் கிளிப்போர்டு வரலாறு. 2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, `Win+V` அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த 25 உருப்படிகள் வரை பட்டியலாகத் தெரியும். வரலாறு இயக்கப்பட்டிருக்கும் கணினியில், நேரக்கெடுவை மட்டுமே நம்பும் ஒரு மேலாளரிலிருந்து நகலெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கெடு முடிந்தபின் `Ctrl+V` அழுத்தினால் எதுவும் ஒட்டாது; எல்லாம் அழிந்துவிட்டதாகவே தோன்றும். `Win+V` அழுத்தினால் கடவுச்சொல் பட்டியலின் மேலேயே படிக்கும் வடிவில் நிற்கும், கணினியை மறுதொடக்கம் செய்யும் வரை அல்லது வரலாற்றை நாமே அழிக்கும் வரை. சாதனங்களுக்கிடையிலான ஒத்திசைவும் இயக்கத்தில் இருந்தால் அது மற்றக் கணினிக்கும் போய்ச் சேரலாம்.

இதற்குச் சரியான தீர்வு, நகலெடுக்கும்போதே "இது இரகசியம், பதிவு செய்யாதே" என்ற மறைப்புக் குறியை உடன் சேர்ப்பது. விண்டோஸில் அதன் பெயர் `ExcludeClipboardContentFromMonitorProcessing`, லினக்ஸின் கேடிஇ பணிச்சூழலில் `x-kde-passwordManagerHint`, மேக்கில் `org.nspasteboard.ConcealedType`. கீபாஸ்எக்ஸ்சி இத்தகைய குறியைச் சேர்க்கிறது. `pass` நிரலின் வழி முரடானது: கெடு முடிந்ததும் கேடிஇயின் கிளிப்போர்டு செயலியான கிளிப்பரின் வரலாறு முழுவதையும் துடைத்துவிட முயல்கிறது, அதனால் கடவுச்சொல்லோடு நமக்குத் தேவையான பழைய நகல்களும் போகக்கூடும். குறிக்கும் ஒரு வரம்பு உண்டு: அது வெறும் வேண்டுகோள் என்பதால், அதை மதிக்காத கிளிப்போர்டு செயலி பதிவு செய்யத்தான் செய்யும். ஆகவே ஒரு போலிக் கடவுச்சொல்லை நகலெடுத்து, கெடு முடிந்தபின் வரலாற்றைத் திறந்து பார்ப்பதே நம்பகமான சோதனை.

கைபேசியில் நிலைமை சற்று மேல். ஆண்ட்ராய்டு 10 முதல், திரையில் முன்னால் இல்லாத செயலிகள் கிளிப்போர்டைப் படிக்க முடியாது. விசைப்பலகைச் செயலி மட்டும் விதிவிலக்கு, அதுவும் தன் சொந்த வரலாற்றை வைத்திருக்கலாம் என்பதால் அதன் அமைப்புகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐஓஎஸில் காலாவதி நேரத்தை இயங்குதளமே நிறைவேற்றுவதால், மேலாளர் பின்னணியில் உறங்கிப்போனாலும் கெடு தவறுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் முன்னே வைப்பது உலாவி நீட்சியின் தானியங்கி நிரப்பலை. அது கிளிப்போர்டைத் தொடுவதே இல்லை. அதோடு, சேமித்த முகவரியோடு பக்கத்தின் முகவரி பொருந்தினால்தான் கடவுச்சொல்லை நிரப்ப முன்வருகிறது. நகலெடுத்து ஒட்டும்போது இந்தச் சரிபார்ப்பு நம் கண்ணை மட்டுமே நம்பியிருக்கிறது. போலிப் பக்கத்தில் நீட்சி எதுவும் காட்டாமல் இருப்பதைக் கோளாறு என்று எண்ணி, உடனே கையால் நகலெடுத்து ஒட்டுவதுதான் இதில் மிக ஆபத்தான பழக்கம். நிரப்பல் வரவில்லை என்றால் முதலில் முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முகவரி சரியாகவே இருந்து, படிவத்தின் அமைப்பால் மட்டும் நிரப்பல் தடைபடுகிறது என்று உறுதியானபின் நகலெடுக்கலாம். அப்போதும் மறைப்புக் குறி சேர்க்கும் மேலாளரிலிருந்து, 30 நொடிக் கெடுவோடு.