மாநிறம், கறுப்பு நிறக் கைகளில் கலர் டாட்டூ: அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முன்னங்கையின் வெளிப்புறத்தில் 5 அங்குல உயரத்தில் ஒரு தாமரை. வாட்டர்கலர் ஸ்டைல் என்பார்கள், கறுப்புக் கோடே இருக்காது. இளஞ்சிவப்பு இதழ்கள், ஓரத்தில் பீச், பின்னால் வான நீலத் தெறிப்பு, இதழ் நுனிகளில் வெள்ளை. சென்னையில் நல்ல கூட்டம் வரும் ஒரு ஸ்டூடியோவில் 18,000 ரூபாய் கொடுத்துப் போட்டேன். இப்போது அதைப் பார்ப்பவர்கள், "கையில என்னம்மா, எண்ணெய் தெறிச்சிடுச்சா?" என்று கேட்கிறார்கள்.

நான் நல்ல மாநிறம், வெயிலில் வண்டி ஓட்டும் கை என்பதால் முழங்கைக்குக் கீழே இன்னும் கறுப்பு. அதனால்தான் உட்காருவதற்கு முன்பே கேட்டேன், "என் கலருக்கு இது எடுக்குமா?" என்று. "இம்போர்ட்டட் இங்க் மேடம், எந்த ஸ்கின்லயும் பளிச்னு இருக்கும்" என்று பதில் வந்தது. ஆல்பத்தையும் காட்டினார்கள். பாதி வெள்ளைக்காரக் கைகள். மீதி நம் ஊர்க் கைகள்தான், ஆனால் எல்லாம் போட்ட கையோடு ரிங் லைட்டுக்குக் கீழே எடுத்தவை. ஆறிய பிறகு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

போட்ட அன்று தாமரை ஜொலித்தது உண்மைதான். ஏமாற்று வேலையே அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது. ஊசி குத்தியதும் மேல்தோல் கிழிந்து, அதிலும் கொஞ்சம் மை ஒட்டியிருக்கும். சில வாரங்களில் அந்தத் தோல் உரிந்து புதுத் தோல் மூடிவிடும். கடைசியில் தங்குவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் இருக்கும் மை மட்டும்தான். நமக்கு நிறம் கொடுக்கும் மெலனின் இருப்பதோ அதற்கு மேலே, மேல்தோலில். ஆக மை மெலனினுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பழுப்பு வழியாகத்தான் ஆயுசுக்கும் அதைப் பார்க்கப் போகிறோம்.

புரியவில்லை என்றால், அடி மெல்லியதாக உள்ள ஒரு கண்ணாடித் தட்டில் கட்டஞ்சாயா ஊற்றி, கலர் பூக்கள் அச்சடித்த காகிதத்தை அடியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூ சாயாவின் நிறத்துக்கே மாறிவிடும். மஞ்சள் கரைந்துபோகும். வெளிர் நீலம் அழுக்குச் சாம்பலாகும். கறுப்பும் அடர் சிவப்பும் கரும்பச்சையும் மட்டும் தாங்கி நிற்கும். என் கையில் நடந்தது அச்சு அசல் இதுதான். ஒரு மாதத்தில் பீச் நிறம் தோலோடு தோலாகப் போய்விட்டது. நீலத் தெறிப்பு பழைய காயத் தழும்பு மாதிரி ஆனது. வெள்ளை நுனிகள் மங்கிய மஞ்சளாக, தேமல் போலத் தெரிந்தன. இளஞ்சிவப்பு மட்டும் அங்கங்கே திட்டுத்திட்டாக நின்றது.

பீச், பேபி பிங்க், ஸ்கை ப்ளூ மாதிரியான வெளிர் நிற மைகளில் பெரும்பாலும் வெள்ளை கலந்திருக்கும். வெளிறிய தோலில் அந்த வெள்ளைதான் மென்மையான அழகைக் கொடுக்கிறது. நம் தோலுக்கு அடியில் அந்த வெள்ளையும் பழுப்பாகிவிடுவதால் நிறமே செத்துப்போகிறது. மை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இது மாறாது.

திரும்பப் போய்க் காட்டியதும் வந்த பதில்: "உங்க ஸ்கின் இங்க்கைச் சாப்பிடுது மேடம்." தோல் எதையும் சாப்பிடவில்லை. மை அங்கேயேதான் இருக்கிறது, மேலே இருக்கும் பழுப்போடு வித்தியாசம் இல்லாததால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டச்-அப் என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் அதே வெளிர் நிறத்தை, இந்த முறை இன்னும் அழுத்திக் குத்தினார்கள். நுனிகளில் வெள்ளையை ஏற்றி ஏற்றி, ரத்தம் துடைத்துத் துடைத்துக் குத்தினார்கள். கறுப்புத் தோல் தடித்தது, ஆழமாகக் குத்தினால்தான் மை பிடிக்கும் என்று ஒரு மூடநம்பிக்கை இந்தத் தொழிலில் ஓடுகிறது. அது சுத்தப் பொய். மை வைக்க வேண்டிய ஆழம் எல்லா நிறத் தோலுக்கும் ஒன்றுதான். நம் நிறத்தவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: தோல் கூடுதலாகப் புண்பட்டால் மெலனின் அங்கே அதிகமாகச் சுரந்து கருமை படரும், தழும்பு மேடாக எழும்பவும் வாய்ப்பு அதிகம். எனக்கு இரண்டுமே வந்தது. இரண்டு இதழ்கள் தடவினால் கைக்குத் தட்டுப்படும். எண்ணெய் தெறித்ததா என்று கேட்பது அதனால்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த டாட்டூவுக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்.

இதற்கு நேர் எதிராக எங்கள் ஆயாவின் கையை நினைத்துக்கொள்கிறேன். என்னைவிடக் கறுப்பு. ஊருக்கு வரும் குறத்தி குத்திவிட்ட கோலப் பச்சை, செத்துப்போகும் வரை தெளிவாக இருந்தது. ஒரே ஒரு கரிய மை, கோடுகள் தடிமன், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி. கலர் சார்ட் எதுவும் பார்க்காமலே, தோல்தான் பின்னணி, அதைவிடக் கருமையாக இருந்தால்தான் எதுவும் தெரியும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு தோழி சொல்லி வேறொரு டாட்டூக்காரப் பெண்ணிடம் போனேன். பார்த்ததும், "தழும்பு அடங்கட்டும்க்கா, அதுவரை இதைத் தொட மாட்டேன்" என்றாள். மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னாள். முதல் நாள் அவள் செய்த ஒரு சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம், காசில்லை. ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாமல் கையைப் போனில் படமெடுத்தாள். அந்தப் பழைய டிசைனை அதன் மேல் வைத்து, முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். பீச் இதழுக்கும் என் கைக்கும் சாம்பல் நிறத்தில் பெரிய வித்தியாசமே இல்லை! இதழ்கள் இருக்கும் இடமே சரியாகத் தெரியவில்லை. வெள்ளை நுனி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "இத நம்பாதீங்க, திரையில இது தோலுக்கு மேல இருக்கு, நிஜத்துல அடியில போயிடும்" என்றாள். நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, தோலுக்கும் மைக்கும் கருமையில் வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது அந்த ஒரு படத்தில் விளங்கியது.

அப்புறம் தாமரைக்குப் பக்கத்திலேயே, சட்டைக் கை மறைக்காத அதே வெயில் பட்ட தோலில், எள்ளளவில் சில நிறப் புள்ளிகள் வைத்தாள். அடர் மஜந்தா, ரத்தச் சிவப்பு, கரும்பச்சை, மயில் நீலம், ஆரஞ்சு. மேல்கையில் வைத்துப் பார்த்தால் பிரயோஜனமில்லை, அங்கே தோல் வெளுப்பு. ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் ஆரஞ்சு செங்கல் நிறமாகிவிட்டது. மயில் நீலம் நினைத்ததைவிடக் கருத்திருந்தது. மஜந்தாவும் கரும்பச்சையும் அப்படியே நின்றன. சிவப்புக்கு இந்தப் புள்ளி இன்னொரு விதத்திலும் உதவும்: மைகளில் அதிகம் ஒவ்வாமை தருவது சிவப்புதான். ஆனால் அது மாதங்கள் கழித்தும் வரலாம், அதனால் புள்ளி அரிக்கவில்லை என்பது முழு உத்தரவாதம் ஆகாது.

புது டிசைனில் அவள் வெளிச்சத்தை மையால் வரையவே இல்லை. இதழின் வெளிச்சமான பகுதி என்பது மை படாத என் தோல்தான். அதைச் சுற்றி மஜந்தாவை அடர்த்தியாக ஆரம்பித்து, உள்ளே வரவரப் புள்ளிகளாகத் தளர்த்தி, தோலில் முடித்தாள். பின்னணியில் கறுப்பும் கரும்பச்சையும். இதழ்களுக்குத் தடித்த கறுப்புக் கோடு. பழைய நீலத் திட்டுகள் பச்சை இலைக்குள் மறைந்தன. அளவையும் கூட்டினாள், ஏனென்றால் எல்லா மையும் வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் பரவும். நெருக்கமான நுணுக்கங்கள் வெளிறிய தோலில் மங்கினாலும் அடையாளம் தெரியும், நம் தோலில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மேடான தழும்பு மட்டும் போகவில்லை, அதன் மேல் மை ஏற்றவும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மையால் தழும்பின் நிறத்தை மறைக்கலாம், உயரத்தை மறைக்க முடியாது.

இடையில் லேசர் போட்டு மொத்தத்தையும் எடுத்துவிடலாமா என்று தோல் மருத்துவரிடமும் கேட்டேன். கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் லேசர் உண்டு, அதை மெலனின் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் நம் நிறத்துக்கு ஓரளவு பாதுகாப்பு. ஆனால் சிவப்பு, மஞ்சள் வகை மைகளுக்கு வழக்கமாகப் பயன்படுவது 532 நானோமீட்டர். அதை மெலனினும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மை போகும்போது தோலின் நிறமும் போய் வெள்ளைத் திட்டு விழலாம். வெள்ளை மை இன்னும் மோசம், அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு லேசர் பட்டால் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறலாம். வெளிர் நிறங்களிலும் பெரும்பாலும் அந்த வெள்ளை இருக்கிறது என்பதால், முதல் ஸ்டூடியோ எனக்குப் போட்டது லேசருக்கும் சங்கடமான கலவை. ஆகவே "பிடிக்கலைன்னா லேசர்ல எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், என்ன லேசர், எந்த மைக்கு என்று கேளுங்கள். முழிப்பார்கள்.

எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும், உங்கள் நிறத்தில் உள்ள ஒருவரின் கையில், போட்டு ஒரு வருடமாவது ஆன டாட்டூவின் படத்தை, முடிந்தால் ஆளையே, காட்டச் சொல்லுங்கள். போனில் எடுத்த சாதாரண வீடியோ இருந்தால் இன்னும் நல்லது, அதில் வெளிச்ச வித்தை குறைவு. சோதனைப் புள்ளிக்கும் அது ஆறும் வரை காத்திருக்கவும் சம்மதமா என்று கேளுங்கள். "இன்னைக்கு ஆஃபர் முடியுது" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு மேடாக வளர்ந்திருந்தால் டாட்டூக்காரரிடம் போகும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். அந்த முதல் ஸ்டூடியோவில் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையெழுத்து வாங்கிய படிவத்தில் மட்டும் "தழும்புக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் இருந்தது.