போஷ் ட்ரெய்னிங் அறிவிப்பு: ஒரே நாள், பேட்ச், இல்ல எல்எம்எஸ்... எது வேலைக்கு ஆகுது?

பெங்களூர்ல அவுட்டர் ரிங் ரோட் பக்கம் ஒரு நடுத்தர ஆபிஸ்ல ஹெச்ஆர்ல இருக்கேன். ரோல்ல 184 பேர், அது போக ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேப் டிரைவர்ஸ்னு கான்ட்ராக்ட்ல 31 பேர். வருஷா வருஷம் போஷ் ட்ரெய்னிங், அதாவது வேலை பாக்குற இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்குற பாலியல் தொல்லைய தடுக்குறதுக்கான ட்ரெய்னிங், அத அறிவிக்கிறது என் தலையிலதான். ரெண்டு வருஷம் ரெண்டு விதமா அறிவிச்சு பாத்துட்டேன், மூணாவது விதத்த மும்பைல இருக்குற ஃப்ரெண்டோட ஆபிஸ்ல பாத்தேன், அந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்றேன்.

முதல்ல சட்டம் என்ன கேக்குதுன்னு ஒரு வார்த்தை, ஏன்னா அறிவிப்பு மெயில்ல பாதி பேர் இதத்தான் தப்பா எழுதுறாங்க. 2013 போஷ் சட்டத்துல 19-வது பிரிவு, எம்ப்ளாயீஸுக்கு குறிப்பிட்ட இடைவெளில வொர்க்‌ஷாப் நடத்தணும்னு முதலாளிக்கு கடமை வைக்குது. எத்தனை மணி நேரம், எத்தனை பர்சன்ட் அட்டென்டன்ஸ்னு எல்லாம் அதுல இல்ல. வருஷத்துக்கு ஒண்ணுன்ற பழக்கம் வந்ததுக்கு ஒரு காரணம் ஆனுவல் ரிப்போர்ட், அதுல எத்தனை வொர்க்‌ஷாப் நடத்துனீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. அதனால "சட்டப்படி 90% இருக்கணும்"னு மெயில்ல போடாதீங்க, அது கம்பெனி ரூல், கம்பெனி ரூல்னே போடுங்க. எவனாவது லீகல் டீம்காரன் ரிப்ளை ஆல்ல "எந்த செக்‌ஷன்?"னு கேட்டா அன்னைக்கு முழுக்க நீங்க காலி.

சரி, மொத வழி. 2024 டிசம்பர்ல நான் பண்ணது. டிசம்பர் 20 வெள்ளி, மத்தியானம் 2 லேருந்து 4, டீம்ஸ்ல ஒரே செஷன், எல்லாருக்கும் ஒரே மெயில். கீழ ஒரு வரி: "வர முடியாதவங்களுக்கு மாப் அப் தேதி பிறகு அறிவிக்கப்படும்". (எங்க ஊர் ஆபிஸ்கள்ல விட்டுப்போனவங்களுக்கு மறுபடி வைக்கிறத மாப் அப்னுதான் சொல்வாங்க, எங்க ஹவுஸ்கீப்பிங் அம்மா அத கேட்டுட்டு அன்னைக்கு எக்ஸ்ட்ரா தொடைக்கணுமான்னு கேட்டாங்க.) அந்த "பிறகு"ன்ற ஒரு வார்த்தைதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. தேதி சொல்லாத மாப் அப்ன்னா படிக்கிறவனுக்கு மெயின் செஷனே ஆப்ஷனல்னு அர்த்தம். "இன்னைக்கு ரிலீஸ் இருக்கு மேம், அடுத்ததுல வந்துடுறேன்"னு ஒரு மேனேஜர் தன் மொத்த டீமையும் தூக்கிட்டார், 11 பேர்.

ஜாயின் ஆனவங்க 139 பேர். ஆனா ஜாயின் ஆனது வேற, இருந்தது வேற. டீம்ஸ் அட்டென்டன்ஸ் ரிப்போர்ட்ட இறக்குனா அதுல `First Join`, `Last Leave`, `In-Meeting Duration`னு மூணு காலம் இருக்கும். நான் முதல்ல முட்டாள்தனமா முதல் ரெண்டையும் கழிச்சு பாத்தேன், கிட்டத்தட்ட எல்லாரும் பாஸ். அப்பறம்தான் புரிஞ்சுது, ஒருத்தர் 2 மணிக்கு வந்து 2.10-க்கு வெளிய போயி, 3.55-க்கு மறுபடி உள்ள வந்து "தேங்க் யூ" சொல்லிட்டு போனா, கழிச்சு பாத்தா 2 மணி நேரம் முழுசா இருந்த மாதிரி காட்டும். பாக்க வேண்டியது மூணாவது காலம். அதுல 120 நிமிஷத்துக்கு 108 நிமிஷம், அதாவது 90%, இருந்தவங்க 102 பேர்தான். மீதி 82.

மாப் அப்ப 2025 ஜனவரி 10, மறுபடி வெள்ளி, மறுபடி 2 மணின்னு வச்சேன். இதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, அன்னைக்கு வைகுண்ட ஏகாதசி, அடுத்த செவ்வாய் பொங்கல், வெள்ளியும் திங்களும் லீவு போட்டா அஞ்சு நாள், நம்ம ஆளுங்க வியாழன் நைட்டே சேலம், மதுரை பஸ் ஏறிட்டாங்க. அத விடுங்க, காலண்டர பாக்காதது என் தப்பு. பெரிய தப்பு ரெண்டாவதுதான், அத யாரும் சொல்லித் தரமாட்டாங்க: மெயின் செஷன் எந்த கிழமை எந்த நேரமோ, மாப் அப் அதே கிழமை அதே நேரம் வைக்கவே கூடாது. டிசம்பர் வெள்ளி 2 மணிக்கு வராதவன் பெரும்பாலும் சோம்பேறித்தனத்துல வராம இல்ல, அவனுக்கு வாராவாரம் வெள்ளி 2 மணிக்கு கிளையன்ட் கால் இருக்கு. ஜனவரி வெள்ளி 2 மணிக்கும் அதே கால் இருக்கும். 82-ல 37 பேர்தான் வந்தாங்க, மீதி 45 பேர ரெக்கார்டிங் பாக்க வச்சு ஒரு மெயில் வாங்கி முடிச்சோம், மனசாட்சிய கேட்டா அது ட்ரெய்னிங்கே இல்ல.

ரெண்டாவது வழி, 2025 நவம்பர்ல. இதுல பேட்ச். 184 பேர 62, 61, 61ன்னு பிரிச்சு நவம்பர் 11 செவ்வாய் காலைல 11, 12 புதன் 3 மணி, 13 வியாழன் சாயங்காலம் 5 (லேட் ஷிஃப்ட்காரங்களுக்காக), ஒவ்வொண்ணும் 90 நிமிஷம். ஒரு டீம்ல எல்லாரையும் ஒரே பேட்ச்ல போடல, மூணா பிரிச்சேன், அப்பதான் மேனேஜருக்கு "மொத்த டீமும் போயிட்டா வேலை யார் பாக்குறது"ன்னு சொல்ல வழி இல்ல. மாப் அப் ரெண்டு தேதியும் மொத மெயில்லயே: நவம்பர் 21 வெள்ளி காலைல 10.30, டிசம்பர் 1 திங்கள் 4 மணி. அஞ்சு செஷனும் அஞ்சு கிழமை, அஞ்சு நேரம்.

மெயில் சப்ஜெக்ட்டும் மாத்துனேன். போன தடவ "மேன்டேட்டரி ட்ரெய்னிங்"னு இருந்துச்சு, அந்த மாதிரி மெயில் வாரத்துக்கு நாலு வருது, யாரும் தொறக்கிறதில்ல. இந்த தடவ மெயில் மெர்ஜ்ல ஆளுக்கு ஒண்ணா "உங்க பேட்ச்: புதன், நவம்பர் 12, 3 மணி"ன்னு போச்சு, கூடவே காலண்டர் இன்வைட். உள்ள இருந்த ரூல்ஸ் இவ்வளவுதான்:

> செஷன் 90 நிமிஷம், 81 நிமிஷம் இருந்தா அட்டென்டன்ஸ் உண்டு, டீம்ஸ் ரிப்போர்ட்தான் கணக்கு. உங்க சொந்த லாகின்லேருந்து ஜாயின் பண்ணுங்க, ஒரு லேப்டாப் முன்னாடி நாலு பேர் உக்காந்தா ஒருத்தருக்குத்தான் கணக்கு. உங்க பேட்ச்க்கு வர முடியலன்னா முந்தின நாள் 5 மணிக்குள்ள உங்க மேனேஜர் எங்களுக்கு மெயில் போடணும், எந்த பேட்ச்க்கு மாறுறீங்கன்னும் அதுலயே இருக்கணும். டிசம்பர் 1-க்கு அப்பறம் செஷன் கிடையாது. மெட்டர்னிட்டி, மெடிக்கல் லீவுல இருக்கறவங்க திரும்பி வந்த 15 நாளுக்குள்ள தனியா முடிக்கலாம், ஆப்சென்ட்னு கணக்கு வராது.

இதுல வேலை செஞ்சது மேனேஜர் வரிதான். "வரமாட்டேன்"னு சொல்ல வழி இல்ல, "இதுக்கு பதிலா அதுக்கு வரேன்"னு மட்டும்தான் சொல்ல முடியும். அத மேனேஜரே எழுதணும்னு வச்சதுல சும்மா கேக்கற பாதி பேர் கேக்கவே இல்ல. ஒரு லேப்டாப் முன்னாடி நாலு பேர்ன்ற வரிய போன வருஷ அனுபவத்துல சேத்தேன், அப்ப ஒரு ரூம்லேருந்து "நாங்க ஆறு பேர் இருந்தோம், சத்தியமா"ன்னு போட்டோ அனுப்புனாங்க, போட்டோல அஞ்சு பேர்தான், ஆறாவது ஆள் எடுத்தவராம். 10 நிமிஷம் லேட்டானா உள்ள விடமாட்டோம்னு ஒரு ரூல் போடலாமான்னு யோசிச்சேன், விட்டுட்டேன், மழை பெஞ்சா மாரத்தஹள்ளிலேருந்து வர்றவன் கேப்லேருந்துதான் ஜாயின் பண்ணுவான், 81 நிமிஷ கணக்கே அவன புடிச்சுக்கும். கேமரா ஆன்ல வைங்கன்றதையும் விட்டுட்டேன், வீட்ல நெட் இழுக்கற ஆளோட அத வச்சு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

மூணு நாள்ல 151 பேர் முடிச்சாங்க. 21-ம் தேதி 19, டிசம்பர் 1-ல 9. மீதி அஞ்சு பேர், நாலு பேர் லீவு, ஒருத்தர் நோட்டீஸ் பீரியட்ல கடைசி வாரம். டிசம்பர் நடுவுலயே கணக்கு முடிஞ்சுது, ஜனவரில ரிப்போர்ட் எழுத உக்காரும்போது யாரையும் தொரத்த வேண்டியிருக்கல. செலவுன்னு பாத்தா பேசுறவருக்கு அஞ்சு தடவ காசு, முன்னாடி ரெண்டு தடவதான். ஃபைனான்ஸ் மொகத்த சுளிச்சாங்க, அது நிஜம்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், விட்டுப்போனவங்க பேர எப்படி சொல்றதுன்றது. மொத வருஷம் எனக்கு மேல இருந்தவர் சொன்னார்னு 82 பேர் லிஸ்ட்ட ஆபிஸ் முழுக்க அனுப்பிட்டேன். அதுல ஒரு பொண்ணு ஆபரேஷனுக்கு லீவுல இருந்தா, யார்கிட்டயும் சொல்லாம. லிஸ்ட்ட பாத்து நாலு பேர் "ஏன் வரல, எங்க போயிருக்க"ன்னு அவள கேட்டாங்க. மரியாதையோட நடத்துங்கன்னு சொல்ற ட்ரெய்னிங்க்கு நான் பண்ண விளம்பரம் அது. இப்ப லிஸ்ட் அந்தந்த மேனேஜருக்கு மட்டும், லீவுல இருக்கறவங்கள எடுத்துட்டு, பேரும் நிமிஷமும் மட்டும்.

மூணாவது வழி, எல்எம்எஸ், அதாவது ஆளாளுக்கு ஆன்லைன்ல தானா பாத்து முடிக்கிற ட்ரெய்னிங் சாஃப்ட்வேர். ஃப்ரெண்ட் ஆபிஸ்ல 45 நிமிஷ மாட்யூல், 30 நாள் டைம், கடைசில 10 கேள்வி, 8 சரியா இருக்கணும். அறிவிக்கிறது ரொம்ப சுலபம், ஒரு லிங்க், ஒரு கடைசி தேதி, மாப் அப்ன்ற பேச்சே இல்ல, யார் முடிச்சாங்கன்னு சிஸ்டமே சொல்லும். ஆனா 30 நாள்னா 28 நாள் யாரும் தொடமாட்டான், கடைசி ரெண்டு நாள்ல ம்யூட் பண்ணி ஓடவிட்டுட்டு வேற டேப்ல வேலை பாப்பான், கேள்விக்கு விடை டீம் வாட்ஸ்அப் க்ரூப்ல சுத்தும். "அவ கேட்டு சிரிச்சாளே, அப்பறம் எப்படி தப்பு?"ன்னு எங்க புதன் பேட்ச்ல ஒரு பையன் நிஜமாவே கேட்டான், அதுல 20 நிமிஷம் போச்சு, அந்த 20 நிமிஷம்தான் அன்னைக்கு நடந்த ட்ரெய்னிங்னு சொல்வேன். மாட்யூல்ல அந்த கேள்விக்கு இடம் இல்ல. நடுவுல சேர்ற புது ஆளுங்களுக்கு அடுத்த நவம்பர் வரைக்கும் காத்திருக்க முடியாது, அவங்களுக்கு சேர்ந்த 30 நாளுக்குள்ள எல்எம்எஸ், அது சரி. மாப் அப்க்கு பதிலா மட்டும் அத வைக்காதீங்க, வச்சா லைவ் செஷனுக்கு வர்றவனும் "லிங்க் அனுப்புங்க"ன்னு உக்காந்துடுவான்.

இந்த மூணு வழிலயும் விட்டுப்போறவங்க அந்த 31 பேர். மெயில் ஐடி கிடையாது, ஆனா சட்டத்துல எம்ப்ளாயீன்னா ஏஜென்சி மூலமா வர்றவங்களும்தான். அவங்களுக்கு பேன்ட்ரி சுவத்துல கன்னடத்துல, தமிழ்ல, இந்தில நோட்டீஸ் (டிரைவர்ஸ்ல நிறைய பேர் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம்), ஷிஃப்ட் மாறுற 2 மணிக்கு 40 நிமிஷம், ரெண்டு நாள், ஒரு நாள் விட்டா அடுத்த நாளே மாப் அப். அட்டென்டன்ஸ் கையெழுத்து ஷீட். அந்த 40 நிமிஷம் டியூட்டி டைம்தான், சம்பளம் புடிக்கக்கூடாதுன்னு ஏஜென்சிகிட்ட முன்னாடியே எழுதி வாங்கிட்டேன், இல்லன்னா யார் வருவா.

மொத நாள் முடிஞ்சு ஷீட்ட மடிக்கும்போது அதே மாப் அப் அம்மா கிட்ட வந்து, "எதாவதுன்னா எங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லணுமா, இங்கயே சொல்லலாமா?"ன்னு மெதுவா கேட்டாங்க. இங்கயே சொல்லலாம்மா, புகார இந்த ஆபிஸ் போஷ் கமிட்டிகிட்டயே குடுக்கலாம், மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும்னு சொன்னேன். மறுநாள் காலைல நோட்டீஸ்ல தேதிக்கு மேல அந்த வரிய பெருசா எழுதி ஒட்டுனேன்.