டொன்சில் அழற்சியா, சீழ்க்கட்டியா?

சாதாரண டொன்சில் அழற்சியில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் நோகும். காய்ச்சல் இருக்கும், விழுங்கக் கஷ்டம். ஆனால் வாயை நன்றாகத் திறக்கலாம், குரலும் பெரிதாக மாறாது. இதற்கு வெளிநோயாளர் பிரிவே பெரும்பாலும் போதும்.

சீழ்க்கட்டி வேறு விஷயம். களுவாஞ்சிகுடியில் ஒரு இளைஞருக்கு நாலு நாளாகத் தொண்டை நோ என்று வைத்துக்கொள்வோம். இப்போது வலது பக்கம் மட்டும் குத்துகிறது, வலது காதும் இழுக்கிறது. எச்சிலை விழுங்க முடியாமல் கோப்பையில் துப்புகிறார். வாய்க்குள் சுடுசோறு வைத்துப் பேசுவதுபோல் குரல். பற்களுக்கிடையே ஒரு விரல்தான் நுழைகிறது. வழக்கமாக மூன்று விரல் நுழையும்.

இந்த வாய்ப்பூட்டுத்தான் எனக்குப் பெரிய துப்பு. சீழ் டொன்சிலுக்குள் அல்ல, அதன் பின்பக்கத்தில் சேர்கிறது. பக்கத்திலேயே தாடையை அசைக்கும் தசை இருக்கிறது. வீக்கம் அதைத் தொட்டதும் தசை இறுகிவிடும். டோர்ச் அடித்தால் வலது மென்அண்ணம் புடைத்து, உள்நாக்கு இடப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும்.

இதற்கு மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது. ஊசியால் உறிஞ்சியோ கீறியோ சீழை எடுத்து, அன்டிபயோட்டிக்கும் கொடுப்பார்கள். ஆகவே அன்றைக்கே காது மூக்கு தொண்டைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு இரைந்தாலோ, கழுத்து வீங்கி விறைத்தாலோ உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.